எட்டுப் பேர், ஒரு பில்

வெள்ளிக்கிழமை மதியம் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த உணவகத்துக்குள் நுழைந்தாலும், மேசைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருக்கும் அலுவலகக் கூட்டம் ஒன்றாவது கண்ணில் படும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். ஸ்டார்ட்டர் வரும்வரை புராஜெக்ட் பேச்சு, பிரியாணி வந்த பிறகு சினிமா பேச்சு. கடைசியில் சோம்பும் கல்கண்டும் வைத்த தட்டோடு பில் வந்து இறங்கும்போது ஒருவர் செல்பேசியில் கால்குலேட்டரைத் திறப்பார். மொத்தத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்து, "ஆளுக்கு இவ்வளவு, எனக்கு ஜிபே பண்ணிடுங்க" என்பார். பத்து விநாடியில் வேலை முடிந்துவிடும்.

அந்தப் பத்து விநாடியில் மேசையின் ஓரத்தில் இருக்கும் சைவக்காரர் ஒருவர், தான் தொடாத மட்டன் சுக்காவுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருப்பார். வாய் திறந்து சொல்ல மாட்டார். இருநூறு ரூபாய்க்காகக் கணக்குப் பார்க்கிறார் என்ற பெயர் வந்துவிடுமே என்ற கூச்சம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தால் கூச்சம் இன்னும் அதிகம். இரண்டு மூன்று முறை இப்படி நடந்த பிறகு, "இன்னைக்கு டிபன் பாக்ஸ் கொண்டு வந்துட்டேன்" என்று ஒதுங்கத் தொடங்குவார். அவர் ஏன் வருவதில்லை என்று யாருக்கும் தெரியாது. குறை சொல்ல வேண்டிய பொறுப்பை, அதிகமாகக் கொடுத்தவர் தலையில் வைப்பது சரியில்லை. கணக்குப் போடுபவர்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது கடினமான கணக்கும் இல்லை. எப்படிப் பிரிப்பது என்று தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எல்லாச் சாப்பாட்டுக்கும் இந்தக் கணக்கு வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைவ உணவகத்தில் எல்லோரும் மீல்ஸ் சாப்பிட்டு, ஒருவர் மட்டும் கூடுதலாக ஒரு காபி குடித்தார் என்றால் சமமாக வகுப்பதுதான் அழகு. சிக்கல் வருவது மூன்று விஷயங்கள் சேரும்போது: மேசையில் பாதிப் பேர் சைவம், டீமில் சிலர் வரவில்லை, கூடவே ஒரு விருந்தாளி. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகள். ஒரே வகுத்தலில் மூன்றுக்கும் விடை தேடுவதால்தான் கணக்கு கோணலாகிறது.

ஒரு பில்லை எடுத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். டீமில் ஒன்பது பேர். ஒருவர் விடுப்பில் இருக்கிறார், இன்னொருவர் வரவில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டார். மீதி ஏழு பேரில் மூவர் சைவம், நால்வர் அசைவம். பெங்களூர் கிளையிலிருந்து அன்று வேலையாக வந்திருந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர் அசைவம் சாப்பிடுவார். ஆக மேசையில் எட்டுப் பேர்.

பில்லில் இருப்பவை: கோபி மஞ்சூரியன் இரண்டு தட்டு 520 ரூபாய், பன்னீர் பட்டர் மசாலா இரண்டு 560, பட்டர் நான் பன்னிரண்டு 720, தண்ணீர் பாட்டில் நான்கு 120. சிக்கன் 65 இரண்டு தட்டு 640, மட்டன் சுக்கா இரண்டு 760, சிக்கன் பிரியாணி ஐந்து 1,600. வெஜ் பிரியாணி மூன்று 720. சைவக்காரர்களில் ஒருவர் சாப்பிட்ட ஃபலூடா 200, அசைவக்காரர்களில் இருவர் குடித்த லைம் சோடா 160. கூட்டினால் 6,000. ஜிஎஸ்டி 5 சதவீதம் 300. பரிமாறியவருக்கு டிப்ஸ் 300. மொத்தம் 6,600 ரூபாய்.

வழக்கமான வகுத்தல் என்ன சொல்லும்? விருந்தாளியிடம் வாங்கக் கூடாது, ஆகவே ஏழால் வகு. ஆளுக்கு ஏறத்தாழ 943 ரூபாய். வெஜ் பிரியாணி சாப்பிட்டு, கோபியில் நாலு துண்டு எடுத்தவருக்கும் 943. மட்டன் சுக்கா, சிக்கன் 65, பிரியாணி, லைம் சோடா எல்லாம் முடித்தவருக்கும் அதே 943.

இந்தப் பில்லில் உள்ளதை மூன்று கும்பமாகப் பிரிக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக வந்தது ஒன்று. ஒரு பிரிவினருக்கு மட்டும் வந்தது இன்னொன்று. தனி ஆளுக்கு வந்தது மூன்றாவது. பில் கையில் வந்ததும் ஒரு பேனாவை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பொ', 'அ', 'சை' என்று குறித்துக்கொண்டே போனால் போதும். தனி ஐட்டம் என்றால் சாப்பிட்டவரின் முதலெழுத்து.

பலரும் தவறுவது இங்கேதான். "சைவ ஐட்டம் எல்லாம் சைவக்காரர்களுக்கு, அசைவம் எல்லாம் அசைவக்காரர்களுக்கு" என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் மேசையில் நடப்பதைக் கவனியுங்கள். கோபி மஞ்சூரியன் தட்டு ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய் எட்டுப் பேர் கையும் பட்டுத்தான் காலியாகும். சிக்கன் 65 தட்டு மூன்று பேரைத் தாண்டிப் போய்விடும். சைவ உணவை எல்லோரும் சாப்பிடலாம், அசைவத்தைச் சிலர்தான் சாப்பிட முடியும். அதனால்தான் கலப்பு மேசைகளில் சைவ ஸ்டார்ட்டர் முதலில் தீர்ந்துபோகிறது. சைவக்காரர் இரண்டாவது தட்டு கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது தட்டையும் அவர் கணக்கிலேயே எழுதினால், அவருக்கு இரட்டை நட்டம்.

பொதுச் செலவைப் பங்கிடுவது பற்றிப் பொருளியலில் பெயர்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. லிட்டில்சைல்ட், ஓவன் என்ற இருவர் 1973இல் எழுதிய விமான ஓடுதளக் கணக்கு அது. சின்ன விமானத்துக்கு ஓடுதளத்தின் முதல் பகுதி போதும், பெரிய விமானத்துக்கு முழு நீளமும் தேவை. செலவை எப்படிப் பிரிப்பது? முதல் பகுதியை எல்லா விமானங்களும் பயன்படுத்துவதால் அதன் செலவு எல்லோருக்கும் சமம். அதைத் தாண்டி நீளும் பகுதிக்குப் பெரிய விமானங்கள் மட்டுமே கொடுக்க வேண்டும். நம் மேசையில் கோபியும் பன்னீரும் நானும் அந்த முதல் பகுதி. சுக்காவும் சிக்கனும் நீண்டுபோன பகுதி.

அந்த முறையிலேயே கணக்கைப் போடுவோம். பொதுவானவை கோபி, பன்னீர், நான், தண்ணீர்: 1,920 ரூபாய். விருந்தாளியையும் சேர்த்து எட்டுப் பேர், ஆளுக்கு 240. அசைவக் கும்பம் சிக்கன் 65, சுக்கா, சிக்கன் பிரியாணி: 3,000 ரூபாய். விருந்தாளியோடு ஐந்து பேர், ஆளுக்கு 600. வெஜ் பிரியாணி 720, மூன்று பேர், ஆளுக்கு 240. மிச்சம் ஃபலூடாவும் சோடாவும் தனித்தனி ஆட்களுக்கு.

"அவர் சிக்கன் 65இல் ஒரே ஒரு துண்டுதானே எடுத்தார்" என்று யாராவது சொல்வார்கள். அதற்குள் போகக் கூடாது. கேட்க வேண்டியது, அந்தத் தட்டு அவருக்கும் சேர்த்து வரவழைக்கப்பட்டதா என்பதை மட்டும்தான். எடுக்கும் வாய்ப்பு இருந்து குறைவாக எடுத்தவர் அந்தக் கும்பத்தில் உண்டு. எடுக்கவே முடியாதவர் அதில் இல்லை. துண்டு எண்ணத் தொடங்கினால் கணக்குக்கு முடிவே கிடையாது, உறவும் கெட்டுப்போகும். முட்டை மட்டும் சாப்பிடுபவர்களை சைவப் பக்கம் வைத்துக்கொண்டு, அவர்கள் வாங்கிய எக் ஃப்ரைட் ரைஸைத் தனி ஐட்டமாக எழுதினால் போதும்.

அடுத்து ஜிஎஸ்டியும் டிப்ஸும். சாப்பாட்டைச் சரியாகப் பிரித்த பிறகு இவற்றை மட்டும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் போடுகிறவர்கள் நிறைய. வரி என்பது விலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. அதிகம் வாங்கியவரால்தான் அதிக வரி வந்தது. இந்தப் பில்லில் வரியும் டிப்ஸும் சேர்ந்து 600. எட்டால் வகுத்தால் ஆளுக்கு 75. ஆனால் 480 ரூபாய்க்குச் சாப்பிட்ட சைவக்காரர் பங்கு உண்மையில் 48தான்.

இதைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. கையைவிட்டுப் போன மொத்தப் பணத்தை, பில்லில் அச்சிட்ட சாப்பாட்டு விலைகளின் கூட்டுத்தொகையால் வகுத்துக்கொள்ளுங்கள். 6,600 ÷ 6,000 = 1.10. இந்த ஓர் எண்ணால் ஒவ்வொருவரின் சாப்பாட்டுத் தொகையையும் பெருக்கினால் வரி, டிப்ஸ் எல்லாம் அதற்குள் வந்துவிடும். தள்ளுபடி இருந்தாலும் இதே வழிதான். செயலி வழியாக 600 ரூபாய் தள்ளுபடி கிடைத்திருந்தால் கட்டியது 6,000, பெருக்கும் எண் 1. ஆளாளுக்கு மெனு விலையையே கொடுத்தால் சரியாகிவிடும். பில்லில் கழிந்த தள்ளுபடி எல்லோருக்கும் சேர வேண்டியது. பணம் கட்டியவரின் கிரெடிட் கார்டில் பிறகு ஏறும் புள்ளிகள் அவருடையவை. மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக வசூல் செய்பவர் அவர், அதைக் கேட்பது முறையல்ல.

பில்லின் கீழ்ப்பகுதியை ஒருமுறை நன்றாகப் பார்ப்பதும் நல்லது. சாதாரண உணவகத்தில் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று இரண்டு வரிகளாக 5 சதவீதம் இருக்கும். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். இடத்தைத் தேர்வு செய்யும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆயிரம் ரூபாய்ச் சாப்பாட்டில் 130 ரூபாய் வித்தியாசம் வரும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு வரி இருந்தால், அதைக் கட்டுவது நம் விருப்பம். உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நீக்கச் சொன்னால் நீக்கித் தர வேண்டும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சர்வீஸ் சார்ஜையும் கட்டிவிட்டு, கவனிக்காமல் டிப்ஸும் வைத்துவிட்டு வருகிற டீம்கள் உண்டு. மது வாங்கியிருந்தால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது, வரிக் கணக்கே வேறு. அதற்குத் தனிப் பில் கேட்டு வாங்கி, குடித்தவர்களே பிரித்துக்கொள்ளட்டும். சாப்பாட்டுப் பில்லில் அதைக் கலக்கவே வேண்டாம்.

இனி விருந்தாளி. அவர் பங்கு பொதுவில் 240, அசைவத்தில் 600, ஆக 840. 1.10ஆல் பெருக்கினால் 924 ரூபாய். இதை யார் கொடுப்பது?

அவர் யார் விருந்தாளி என்பதைப் பொறுத்தது அது. டீம் வேலைக்காக வந்தவர், எல்லோரும் சேர்ந்து அழைத்தார்கள் என்றால் எல்லோருக்கும் விருந்தாளி. ஒருவருடைய பழைய நண்பர், பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்கிறார், "இவனும் வரட்டுமே" என்று கூட்டிவந்தார் என்றால் அவர் அந்த ஒருவருடைய விருந்தாளி. அந்த 924 ரூபாயும் கூட்டிவந்தவர் கணக்கில் போக வேண்டும். இதைக் கிளம்பும்போதே அவர் சொல்லிவிட்டால் யார் மனசிலும் ஒன்றும் இருக்காது. பில் வந்த பிறகு மற்றவர்கள் கேட்கவே மாட்டார்கள், எடுத்துச் சொல்லவும் மாட்டார்கள்.

நம் கதையில் அவர் டீமின் விருந்தாளி. 924ஐ ஏழால் வகுத்தால் ஆளுக்கு 132. சாப்பாட்டுக்கு விகிதம் பார்த்தோம், வரிக்கும் விகிதம் பார்த்தோம். இங்கே மட்டும் சமமாகப் பிரிப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். சாப்பாடு அவரவர் வாங்கியது. உபசாரம் எல்லோரும் சேர்ந்து செய்வது, அதில் அதிகம் சாப்பிட்டவர் அதிகமாக உபசரித்தார் என்று சொல்ல முடியாது. சைவக்காரரின் 132 ரூபாயிலும் விருந்தாளி சாப்பிட்ட சுக்காவின் ஒரு பங்கு இருக்கிறதே என்றால், இருக்கிறது. பெரும்பாலானோர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இறைச்சிக்குப் பணம் கொடுப்பதே மனசாட்சிக்கு ஒவ்வாது என்று இருப்பவர்கள் உண்டு. அப்படி ஒருவர் டீமில் இருந்தால், அவரை வாதாடி வெல்ல வேண்டியதில்லை. விருந்தாளியின் அசைவப் பங்கை அசைவக்காரர்கள் ஏற்றுக்கொண்டு, பொதுப் பங்கை மட்டும் ஏழு பேரும் பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது முழுக் கணக்கும் கையில் இருக்கிறது. சைவக்காரர்களில் இருவருக்குப் பொதுவில் 240, பிரியாணி 240, ஆக 480. 1.10ஆல் பெருக்கினால் 528, விருந்தாளிக்காக 132, மொத்தம் 660. ஃபலூடா சாப்பிட்ட சைவக்காரருக்கு 880. அசைவத்தில் இருவருக்கு 1,056. சோடாவும் குடித்த இருவருக்கு 1,144. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், மிகச் சரியாக 6,600 வரும். இப்படிக் கூட்டிப் பார்ப்பதுதான் சோதனை. பில்லோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஓர் ஐட்டம் இரண்டு கும்பத்தில் எழுதப்பட்டிருக்கும், அல்லது எதிலும் எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கும்.

சமமாக வகுத்தபோது எல்லோருக்கும் 943. சைவக்காரர் 283 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பார். சோடா குடித்த அசைவக்காரர் 201 ரூபாய் குறைவாகக் கொடுத்திருப்பார். மாதம் ஒரு டீம் லஞ்ச் என்றால் சைவக்காரருக்கு ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேல்.

சம வகுத்தலில் இன்னொரு தீங்கும் உண்டு. ஊரி க்னீஸி, எர்னன் ஹாருவி, ஹதாஸ் யாஃபே ஆகிய மூவர் இஸ்ரேலில் ஓர் உணவகத்தில் நடத்திய சோதனை 2004இல் வெளியானது. ஆறு ஆறு பேராக உட்காரவைத்து, சில மேசைகளில் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுக்க வேண்டும் என்றார்கள், சில மேசைகளில் மொத்தத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள், சில மேசைகளில் சாப்பாடு இலவசம். அவரவர் கொடுத்த மேசையில் ஒருவர் சராசரியாக 37 ஷெக்கலுக்கு வாங்கினார். சமமாகப் பிரித்த மேசையில் 51. இலவச மேசையில் 82. எப்படிக் கட்ட விருப்பம் என்று முன்பே கேட்டபோது பெரும்பாலோர் தனித்தனியாகக் கட்டுவதையே விரும்பினார்கள். ஆனாலும் சமப் பங்கு என்று ஆனதும் கை தானாகவே விலை கூடிய ஐட்டத்துக்குப் போகிறது. நான் குறைவாக வாங்கினாலும் மற்றவர்கள் வாங்கியதற்குக் கொடுக்கத்தானே போகிறேன் என்று ஒவ்வொருவரும் நினைக்க, மொத்தப் பில்லே ஏறிப்போகிறது. அந்த ஓட்டத்தில் கலந்துகொள்ள முடியாதவர் சைவக்காரர்தான். நம் உணவகங்களில் வெஜ் பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் மட்டன் விலைக்கு ஓர் ஐட்டம் கிடைப்பது அபூர்வம்.

வராதவர்கள் விஷயத்துக்கு வருவோம். விடுப்பில் இருந்தவரும் காலையிலேயே சொல்லிவிட்டவரும் சாப்பாட்டுக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. விருந்தாளியின் பங்கிலும் அவர்களைச் சேர்க்க வேண்டாம், அவர்கள் உடன் இருந்து உபசரிக்கவில்லை. வேலையைவிட்டுப் போகிற ஒருவருக்கு டீம் மொத்தமும் சேர்ந்து கொடுக்கும் வழியனுப்பு விருந்து என்றால் கதை வேறு. அங்கே விருந்தின் நாயகருக்கான செலவு பரிசுப் பொருள் வாங்குவது போலத்தான். ஒன்பது பேரும் பங்கு தரலாம். ஆனால் அதை முன்கூட்டியே கேட்டு, சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். வராதவருக்கு மறுநாள் காலையில், "உன் பங்கு 103 ரூபாய்" என்று செய்தி அனுப்புவது நல்ல வழக்கமில்லை.

வந்து உட்கார்ந்து சாப்பிடாதவர் இன்னொரு வகை. நோன்பு, விரதம், வயிறு சரியில்லை, எதுவாகவும் இருக்கலாம். எல்லோரோடும் இருக்க வேண்டும் என்று வந்தவர் அவர். குடித்த ஒரு ஜூஸுக்கு மட்டும் அவர் பங்கு, பொதுக் கும்பத்தை வகுக்கும்போது அவரை எண்ணக் கூடாது. பஃபே என்றால் முன்பே விசாரிக்க வேண்டும். அங்கே தட்டுக்கு இவ்வளவு என்பதால், மேசையில் உட்கார்ந்தாலே ஆளுக்கொரு கட்டணம் போடும் இடங்கள் இருக்கின்றன. சாப்பிடாதவருக்குக் கட்டணம் இல்லை என்பதை மேசை பதிவு செய்யும்போதே பேசிவிடலாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் நின்றுவிடுபவருக்கும் பஃபேயில்தான் சிக்கல். முன்பணம் கட்டி எட்டுப் பேருக்குப் பதிவு செய்திருந்தால் அவருடைய தட்டுக்கான பணம் போனது போனதுதான். அதை மற்றவர்கள் சுமக்க வேண்டியதில்லை, அவரே தர வேண்டும். மெனு பார்த்து வாங்கும் சாப்பாட்டில் அவரால் யாருக்கும் நட்டமில்லை, ஆகவே ஒன்றும் தர வேண்டாம்.

யார் சைவம் என்ற பட்டியலை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு எப்போதும் அதையே எடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தொடாதவர் உண்டு, அமாவாசைக்குத் தொடாதவர் உண்டு. புரட்டாசி மாதம் முழுவதும் பாதி டீம் சைவப் பக்கம் வந்துவிடும். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் தை வரைகூட அப்படியே இருப்பார்கள். அந்த மாதங்களில் மட்டும் அசைவம் சாப்பிடுவோர் இரண்டு பேராகச் சுருங்கி, இரண்டு தட்டு சுக்கா வாங்கினால் அந்த இருவருக்கும் பங்கு எகிறும். அது அவர்கள் வாங்கியதுதான், ஆனால் ஆர்டர் கொடுக்கும் முன்பே அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பில் வந்த பிறகு எதைச் சொன்னாலும் அது முறையீடாகத்தான் ஒலிக்கும். அதனால் காலை பத்து மணிக்கே டீமின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி போட்டுவிடலாம்: "இன்னைக்கு ஒரு மணிக்குக் கிளம்புறோம். பெங்களூர்ல இருந்து வந்தவரும் நம்மகூட வர்றார், அவர் பங்கு நம்ம எல்லாருக்கும் சமம். பொதுவா வர்றது எல்லாருக்கும், நான்வெஜ் சாப்பிடுறவங்களுக்குத் தனிக் கணக்கு. வராதவங்க, இன்னைக்கு வெஜ்னு இருக்கிறவங்க பதினொரு மணிக்குள்ள சொல்லிடுங்க." விருந்தாளி அந்தக் குழுவில் இல்லை என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டுபவர் சாப்பாடு முடியும் தறுவாயில் எழுந்துபோய் கவுன்டரிலேயே பில்லை முடித்துவிடுவது நல்லது. பில் மேசைக்கு வந்தால் விருந்தாளி கையைப் பர்ஸுக்குக் கொண்டுபோவார், அவரைத் தடுக்க நாலு பேர் எழுந்திருப்பார்கள். கணக்கை அலுவலகம் திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாம். ஸ்பிளிட்வைஸ் போன்ற செயலிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் தொகையைப் போட்டதும் முதலில் வருவது சமப் பங்குதான், ஆளுக்கு எவ்வளவு என்று தனித்தனித் தொகை போடும் பகுதிக்கு நாமே மாற்ற வேண்டும். அப்படியே சேமித்துவிட்டால் பழைய கதைதான். செயலி இல்லாவிட்டாலும் பேனாவால் குறித்த பில்லைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, கீழே நான்கு வரி எழுதினால் போதும்: வெஜ் 660, வெஜ் ஃபலூடாவோடு 880, நான்வெஜ் 1,056, நான்வெஜ் சோடாவோடு 1,144. பெயர்களைப் போட வேண்டாம், யார் எந்த வரி என்பது அவரவருக்குத் தெரியும். படம் இருப்பதால் சந்தேகம் வந்தவர் யாரையும் கேட்காமல் தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

மிச்சமான பிரியாணியைப் பார்சல் கட்டி ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போனால் அதற்காகக் கணக்கைத் திருத்த வேண்டாம். எடுத்துப் போகிறீர்களா என்று முதலில் விருந்தாளியையும், விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர்களையும் கேட்டுவிட்டால் சரி.